ஜெர்மனியில் 112-ஐ அழைத்தால் என்ன பேசுவது: முகவரி, நிலைமை, அந்த இரண்டு நிமிடம்

கேள்வி: ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எனக்கு ஏ2 அளவு ஜெர்மன்தான் தெரியும். ஊரிலிருந்து அப்பா, அம்மா மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. திடீரென்று ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து ஜெர்மனில் என்ன சொல்ல வேண்டும்? பதற்றத்தில் தெரிந்த ஜெர்மனும் மறந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்:

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். 112-ஐ அழைப்பது எங்கள் வேலையின் ஒரு பகுதி. ஏ2 ஜெர்மன் இதற்குத் தாராளமாகப் போதும். ஏனென்றால் அந்த அழைப்பில் உரையாடலை நடத்துவது நீங்கள் அல்ல, எதிர்முனையில் இருப்பவர். அவர் கேட்பார், நீங்கள் சின்னச் சின்னதாகப் பதில் சொல்வீர்கள். கேள்விகளும் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும். அந்த வரிசை தெரிந்துவிட்டால் பாதி பதற்றம் குறையும்.

எண்ணை முதலில் பார்த்துவிடுவோம். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 112, போலீஸுக்கு 110. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. உங்கள் வீட்டுக்கு முக்கியமான ஒரு விஷயம் உண்டு: ஜெர்மனியில் சிம் இல்லாத கைபேசியிலிருந்து 112-ஐ அழைக்க முடியாது. 2009 முதல் அப்படித்தான். ஊரிலிருந்து வரும் பெற்றோர் பலர் வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் வைத்துக்கொண்டு இருப்பார்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன நேரத்தில் அந்தப் போன் அவசரத்துக்கு உதவாது. ஊர் சிம்மை நம்பி இருக்காமல், இங்கே ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்கிப் போட்டுவிடுங்கள். பிறகு கட்டுப்பாட்டு அறையிலிருந்து திரும்ப அழைக்க வேண்டி வந்தாலும் ஜெர்மன் எண்ணாக இருப்பது நல்லது.

இனி அழைப்புக்கு வருவோம். போனை எடுப்பது லைட்ஷ்டெல்ல என்னும் கட்டுப்பாட்டு அறை. ஊருக்கு ஊர் வார்த்தை கொஞ்சம் மாறும், ஆனால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்: "நோட்ரூஃப் ஃபொயர்வேர் உன்ட் ரெட்டுங்ஸ்டீன்ஸ்ட், வோ கெனாவ் இஸ்ட் டேர் நோட்ஃபால்-ஓர்ட்?" அவசரம் நடந்த இடம் சரியாக எங்கே என்று கேட்கிறார்கள். கவனியுங்கள், என்ன ஆயிற்று என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை. நாம் போன் எடுத்ததும் "அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது, சீக்கிரம் வாங்க" என்றுதான் ஆரம்பிப்போம். அவர்களுக்கு முதலில் வேண்டியது இடம். நடுவில் லைன் அறுந்தாலும், நீங்கள் அழ ஆரம்பித்துவிட்டாலும், முகவரி கையில் இருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். அதனால் வாயைத் திறந்ததும் வரும் முதல் சொல் ஊரின் பெயராக இருக்கட்டும்.

தெருப் பெயர் போதாதா, ஊர் எதற்கு என்று தோன்றலாம். ஒரு கட்டுப்பாட்டு அறை பொதுவாக ஒரு மாவட்டம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறது. கார்டன்ஷ்ட்ராஸ, பான்ஹோஃப்ஷ்ட்ராஸ, ஹௌப்ட்ஷ்ட்ராஸ மாதிரியான பெயர்கள் ஊருக்கு ஊர் இருக்கும். மாவட்ட எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் கைபேசி அழைப்பு பக்கத்து மாவட்டத்து அறைக்குப் போய்விடுவதும் உண்டு. பெர்லின் மாதிரிப் பெரிய நகரத்தில் ஒரே தெருப் பெயர் வெவ்வேறு பகுதிகளில் வரும், அங்கே பகுதியின் பெயரையோ ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டையோ சேர்த்துச் சொல்ல வேண்டும். தெருப் பெயரின் வாலையும் விழுங்கிவிடக் கூடாது. லின்டன்ஷ்ட்ராஸ, லின்டன்வேக், லின்டன்அல்லே மூன்றும் ஒரே ஊரில் மூன்று வேறு தெருக்களாக இருக்கலாம். வீட்டில் "லின்டன்" என்று சுருக்கிப் பேசும் பழக்கம் இருந்தால் அன்றைக்கும் அதுதான் வாயில் வரும்.

கைபேசியிலிருந்து அழைத்தால் இருக்குமிடம் தானாகவே போய்விடுமே என்பார்கள். உண்மைதான், இப்போதைய ஸ்மார்ட்போன்கள் 112-ஐ அழைக்கும்போது இருக்குமிடத்தை அனுப்புகின்றன. ஆனால் அது எந்த வாசல், எந்த மாடி, எந்தக் கதவு என்று சொல்லாது. அதனால்தான் அது இருந்தும் முகவரியைக் கேட்கிறார்கள்.

வீட்டு எண்ணில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஜெர்மனில் 47 என்பதை ஏழையும் நாற்பதையும் சேர்த்து, ஏழை முன்னால் வைத்துச் சொல்வார்கள்: ஸீபன்-உன்ட்-ஃபீர்ட்ஸிஷ். அமைதியாக வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இது சரியாக வரும். கை நடுங்கும்போது 74 ஆகிவிடும். 15-உம் 50-உம் இன்னொரு வம்பு. ஃப்யுன்ஃப்ட்ஸேன், ஃப்யுன்ஃப்ட்ஸிஷ், கடைசி அசை மட்டும்தான் வேறு. இதற்கு ஒரு நல்ல வழி, எண்ணைச் சொல்லிவிட்டு இலக்கங்களைத் தனித்தனியாகவும் சொல்லிவிடுவது: "ஸீபன்-உன்ட்-ஃபீர்ட்ஸிஷ். ஃபீர், ஸீபன்." முழு எண் வாயில் வரவில்லை என்றால் இலக்கங்களை மட்டும் சொன்னாலும் போதும், புரிந்துகொள்வார்கள். போனில் ட்ஸ்வை (2), ட்ரை (3) இரண்டும் ஒன்று போலக் கேட்கும் என்பதால் ஜெர்மானியர்களே இரண்டுக்கு "ட்ஸ்வோ" என்று சொல்வார்கள். உங்கள் வீட்டு எண்ணிலோ போன் எண்ணிலோ 2 இருந்தால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் எழுத்து இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாம் எழுத்துக்களை ஆங்கிலப் பெயரில் சொல்லியே பழகியவர்கள். ஜெர்மனில் முதல் எழுத்தின் பெயர் "ஆ". ஆங்கிலத்தில் "ஏ" என்று சொன்னால் அவர்கள் காதில் அது ஐந்தாவது எழுத்து. ஆங்கில "ஈ" அவர்களுக்கு ஒன்பதாவது எழுத்து. ஆங்கில "வீ" என்பதை ஜெர்மன் "வே" என்று கேட்டு, இரட்டை வீ போலத் தெரியும் அந்த எழுத்தைத் தட்டுவார்கள். நீங்கள் "ஃபார்ட்டி செவன் ஏ" என்று சொன்னால் வண்டி அதே வளாகத்தில் இன்னொரு வாசலுக்குப் போய் நிற்கலாம். இதைத் தவிர்க்க எழுத்தோடு ஒரு பெயரைச் சேர்ப்பது வழக்கம்: "ஆ வீ ஆன்டோன்", ஆன்டோன் என்பதில் வரும் ஆ. 2022-இல் இந்தப் பெயர் அட்டவணையை நகரப் பெயர்களாக மாற்றினார்கள், அதில் "ஆ வீ ஆஹன்". எதைச் சொன்னாலும் புரியும். முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டு எண்ணிலும் பெல்லில் இருக்கும் பெயரிலும் வரும் எழுத்துக்கள் மட்டும் தெரிந்தால் போதும்.

பெல்லில் இருக்கும் பெயர் என்றேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பொதுவாகக் கதவு எண் கிடையாது. கீழ் வாசலில் பத்து இருபது பெல் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பப் பெயர். வண்டியில் வருபவர்கள் அந்தப் பெயரைத் தேடித்தான் அழுத்துவார்கள். அதனால் "வெல்ஷர் நாம ஷ்டேட் ஆன் டேர் க்ளிங்கல்?" என்று கட்டாயம் கேட்பார்கள். பெல்லில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி, உங்கள் பெயர் என்ன என்பது அல்ல. நமக்கு இந்த இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும், வாடகை ஒப்பந்தத்திலும் அதுவே போயிருக்கும், பெல்லிலும் அதுவே. கார்த்திக் போனில் "கார்த்திக்" என்கிறார், பெல்லில் பழனிசாமி என்று இருக்கிறது. உள்வாடகை வீடு என்றால் பழைய ஆளின் பெயரே தொங்கிக்கொண்டிருக்கும். இன்று மாலை கீழே இறங்கிப் போய், உங்கள் பெல்லில் எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து அழிந்து போயிருந்தால் புதிதாக ஒட்டச் சொல்லி வீட்டு நிர்வாகத்திடம் கேளுங்கள்.

அடுத்து, என்ன ஆயிற்று என்பது. நோயின் பெயரைச் சொல்ல முயற்சிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவதையும் அவர் சொல்வதையும் மட்டும் சொல்லுங்கள். "மைன் ஃபாட்டர் இஸ்ட் க்ராங்க்" (அப்பாவுக்கு உடம்பு சரியில்லை) என்று சொன்னால் அது காய்ச்சலாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். அதைக் கேட்டு யாரும் அவசரத்தின் அளவைப் புரிந்துகொள்ள முடியாது. "எர் ஹாட் ஷ்டார்க ஷ்மெர்ட்ஸன் இன் டேர் ப்ருஸ்ட்" (நெஞ்சில் கடுமையான வலி) என்றால் அந்த ஒரு வரியிலேயே எதிர்முனைக்கு நிலைமை தெரிந்துவிடும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்சு வலியை நெஞ்சு வலி என்றே சொல்ல மாட்டார்கள். "வாயுப் பிடிப்பு", "கேஸ் டிரபிள்", "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது" என்பார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்து "கேஸ்" என்று தீயணைப்பும் எடுக்கும் எண்ணில் சொன்னால், சமையல் எரிவாயுக் கசிவு என்றுதான் முதலில் புரிந்துகொள்வார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பிலும் வலி தெளிவாகத் தெரியாமல் போவது உண்டு. அப்போது குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், முகம் வெளிறிப்போவது, வாந்தி வருவது போன்றவைதான் அடையாளம். அவற்றைச் சொல்லுங்கள். "எர் ஷ்விட்ஸ்ட் கால்ட்" என்றால் குளிர்ந்து வியர்க்கிறது. "எர் பெகொம்ட் ஷ்லெஷ்ட் லுஃப்ட்" என்றால் மூச்சு விடச் சிரமப்படுகிறார்.

மயக்கம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தலை சுற்றினாலும் நாம் மயக்கம் என்கிறோம், நினைவு தப்பினாலும் மயக்கம் என்கிறோம். தலைசுற்றலுக்கு "ஈம் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்". நினைவு இல்லை என்றால் "எர் இஸ்ட் பெவுஸ்ட்லோஸ்". இந்த இரண்டாவது சொல்லைக் கேட்டதும் அடுத்த கேள்வி மூச்சைப் பற்றித்தான் வரும்: "ஆட்மெட் எர் நோர்மால்?" (இயல்பாக மூச்சு விடுகிறாரா?)

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். மொழி முழுதாகப் புரியாத இடத்தில் "யா, யா" என்று சொல்லிக்கொண்டே போவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அலுவலகத்தில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே மூச்சு நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்கு "யா" என்று சொல்லிவிட்டால், உடனே நெஞ்சை அழுத்தச் சொல்லியிருக்க வேண்டியவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். புரியாத கேள்விக்கு ஒருபோதும் "யா" சொல்லாதீர்கள். "இஷ் ஃபெர்ஷ்டேய நிஷ்ட், பிட்ட லாங்ஸாம்" (புரியவில்லை, தயவுசெய்து மெதுவாக) என்று சொல்லுங்கள். அவர்கள் எளிய சொற்களில் திரும்பக் கேட்பார்கள்.

இன்னொன்று, நினைவு தப்பியவர் இடைவெளி விட்டு விட்டு, குறட்டை போல, மீன் வாயைத் திறப்பது போல மூச்சை இழுத்தால் அது மூச்சு அல்ல. இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் அப்படி வரும். அதைப் பார்த்து "மூச்சு இருக்கிறது" என்று சொல்லிவிடக் கூடாது. "நைன், நிஷ்ட் நோர்மால்" என்று சொல்லுங்கள். உடனே அவர்கள் போனிலேயே வழிகாட்டுவார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள், அதற்கு "லௌட்ஷ்ப்ரெஷர்" என்பார்கள். ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் ஐந்து ஆறு சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்த வேண்டும். எதிர்முனையில் "ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை, ஃபீர்" என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள், அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அங்கே பெரிய ஜெர்மன் எதுவும் தேவைப்படாது.

இப்போது உங்கள் வீட்டையே வைத்து ஓர் அழைப்பை முழுதாக நடத்திப் பார்ப்போம். முகவரியும் பெயரும் கற்பனைதான். ஊர் ஸின்டல்ஃபிங்கன், தெரு கார்டன்ஷ்ட்ராஸ, எண் 47ஆ, மூன்றாம் மாடி இடப்பக்கம், பெல்லில் பழனிசாமி. இரவு சாப்பிட்டபின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது.

"நோட்ரூஃப் ஃபொயர்வேர் உன்ட் ரெட்டுங்ஸ்டீன்ஸ்ட், வோ கெனாவ் இஸ்ட் டேர் நோட்ஃபால்-ஓர்ட்?"

"ஸின்டல்ஃபிங்கன். கார்டன்ஷ்ட்ராஸ ஸீபன்-உன்ட்-ஃபீர்ட்ஸிஷ் ஆ. ஃபீர், ஸீபன், ஆ வீ ஆன்டோன்."

அவர் அதைத் திரும்பச் சொல்லி "ரிஷ்டிஷ்?" (சரியா?) என்று கேட்பார். இந்த இடத்தில் அவசரப்படாமல் காது கொடுத்துக் கேளுங்கள். சரியாக இருந்தால் "யா, ரிஷ்டிஷ்". தவறாக இருந்தால் "நைன்" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

"வெல்ஷஸ் ஷ்டோக்வெர்க்? வெல்ஷர் நாம ஷ்டேட் ஆன் டேர் க்ளிங்கல்?"

"ட்ரிட்டர் ஷ்டோக், லிங்க்ஸ். க்ளிங்கல்: பழனிசாமி. பே வீ பௌலா, ஆ வீ ஆன்டோன், எல் வீ லுட்விக்."

முதல் மூன்று எழுத்து போதும், பெல் வரிசையில் கண்டுபிடிக்க அது காணும். மாடிக் கணக்கு நம் ஊர்க் கணக்குதான். தரைத்தளம் எர்ட்கெஷோஸ், அதற்கு மேலே இருப்பது முதல் மாடி.

"வாஸ் இஸ்ட் பஸ்ஸீர்ட்?" (என்ன நடந்தது?)

"மைன் ஃபாட்டர் ஹாட் ஷ்டார்க ஷ்மெர்ட்ஸன் இன் டேர் ப்ருஸ்ட். எர் ஷ்விட்ஸ்ட் கால்ட். எர் பெகொம்ட் ஷ்லெஷ்ட் லுஃப்ட்."

"வீ ஆல்ட் இஸ்ட் எர்?" (வயது என்ன?)

"உய்பர் ஸெஷ்ட்ஸிஷ்." அறுபதுக்கு மேல். 66-ஐ ஜெர்மனில் சொல்லத் திணற வேண்டாம், தோராயமாகச் சொன்னால் போதும்.

"இஸ்ட் எர் வாஹ்? கான் எர் மிட் ஈனன் ஷ்ப்ரெஷன்?" (விழித்திருக்கிறாரா? உங்களோடு பேச முடிகிறதா?)

"யா, எர் இஸ்ட் வாஹ். எர் ஷ்ப்ரிஷ்ட்."

"ஸைட் வான் ஹாட் எர் டீ ஷ்மெர்ட்ஸன்?" (எப்போதிலிருந்து வலி?)

"ஸைட் ட்ஸ்வான்ட்ஸிஷ் மினூட்டன்." இருபது நிமிடமாக.

"ஹாட் எர் ஃபோர்எர்க்ராங்குங்கன்? நிம்ட் எர் மெடிகாமென்ட்ட?" (ஏற்கனவே நோய் இருக்கிறதா? மாத்திரை எடுக்கிறாரா?)

"டியாபேட்டஸ் உன்ட் ப்ளூட்ஹோஹ்ட்ருக். எர் நிம்ட் டாப்லெட்டன்." சர்க்கரை, ரத்த அழுத்தம், மாத்திரை எடுக்கிறார்.

மாத்திரையின் ஊர்ப் பெயர்களைப் போனில் சொல்ல வேண்டாம், அந்தப் பெயர்களில் இங்கே மருந்துகள் கிடையாது என்பதால் யாருக்கும் தெரியாது. அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு வருபவர்களிடம் கொடுங்கள். அட்டையின் பின்பக்கம் இருக்கும் மூலப்பொருளின் பெயரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறாரா என்பது. அதற்கு "ப்ளூட்ஃபெர்ட்யுனர்" என்பார்கள். அப்பாவிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கேட்கிறார்களே, அதற்குள் வண்டி கிளம்பியிருக்கலாமே என்று கோபம் வரும். பெரும்பாலும் கிளம்பியிருக்கும். முகவரியும் நெஞ்சு வலியும் பதிவானதும் வண்டிக்குத் தகவல் போய்விடும், மீதிக் கேள்விகள் அதற்குப் பிறகு நடப்பவை. மருத்துவர் தனியாக இன்னொரு காரில் வர வேண்டுமா என்பதும் அந்தப் பதில்களைக் கொண்டுதான் முடிவாகிறது. ஆம்புலன்ஸ் ஒன்றும் மருத்துவர் கார் ஒன்றும் அடுத்தடுத்து வந்தால் பயந்துவிடாதீர்கள், இங்கே அது சாதாரண நடைமுறை. "லேகன் ஸீ நிஷ்ட் அவுஃப்" என்றால் போனை வைக்காதீர்கள் என்று அர்த்தம். வைக்கலாம் என்று அவர்கள் சொல்லும் வரை வைக்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் பேசலாமா என்று கேட்பீர்கள். பல இடங்களில் முடியும், ஆனால் எடுப்பவர் எவ்வளவு ஆங்கிலம் பேசுவார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் சொல்வது, முகவரியையும் நோய்க்குறியின் அந்த ஒரு வரியையும் ஜெர்மனில் சொல்லிவிடுங்கள். அதன்பிறகு "ஷ்ப்ரெஷன் ஸீ எங்க்லிஷ்?" என்று கேளுங்கள். தெருப் பெயரை ஆங்கில உச்சரிப்பில் சொன்னால்தான் எல்லாம் குழம்பும், மற்றதை எப்படியும் சமாளித்துக்கொள்ளலாம்.

பதற்றத்துக்கு நான் நம்புவது ஒரு தாளைத்தான். மேலே உள்ள உரையாடலில் உங்கள் பங்காக வரும் வரிகளை, உங்கள் சொந்த முகவரியோடு, பெரிய எழுத்தில் தமிழ் உச்சரிப்பாகவே எழுதி வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். உங்கள் ஜெர்மன் எண்ணையும் இலக்கம் இலக்கமாக எழுதுங்கள். அம்மாவும் அதைப் பார்த்து வாசிக்க முடிய வேண்டும், ஏனென்றால் அப்பாவோடு தனியாக இருக்கப்போவது பெரும்பாலும் அம்மாதான். அவர் ஊர், தெரு, எண், பெல் பெயர், "ஷ்டார்க ஷ்மெர்ட்ஸன் இன் டேர் ப்ருஸ்ட்" என்ற அளவுக்கு வாசித்துவிட்டுக் கேள்விகள் புரியாமல் நின்றால்கூட வண்டி வந்துவிடும். இரண்டு மூன்று மாலை அவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் எதிர்முனை ஆளாக இருந்து கேள்வி கேளுங்கள். பழகிப் பார்ப்பதற்காக 112-ஐ நிஜமாக அழைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே வீணாக அழைப்பது இங்கே சட்டப்படி குற்றம். உண்மையிலேயே பயந்துபோய் அழைத்து, அது கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனால் அது குற்றம் ஆகாது. அந்தப் பயத்தில் தயங்க வேண்டாம்.

அழைக்கும் நேரத்தில் வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள். டிவியை நிறுத்துங்கள். அப்பாவைச் சுற்றி நின்று எல்லோரும் சத்தம் போட்டால் போனில் எதுவும் கேட்காது, அவருக்கும் படபடப்பு கூடும். அப்பாவை நடக்கவிடாதீர்கள், படிக்கட்டு இறங்கிக் காரில் ஏற்றும் யோசனையே வேண்டாம். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் உள்ளவரைப் படுக்கவைக்காமல் முதுகைச் சாய்த்து உட்காரவைக்கச் சொல்வார்கள். கூட இன்னொருவர் இருந்தால் அவர் கீழே போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, படிக்கட்டு விளக்கைப் போட்டுவிட்டு, தெருவில் வண்டியைப் பார்த்துக் கை காட்டட்டும். யாரும் இல்லை என்றால் அப்பாவை விட்டு இறங்க வேண்டாம். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பெல் அடித்ததும் மேலிருந்தே கீழ்க் கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் போதும்.

பக்கவாதம் என்றால் ஒரே ஒரு பதில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாகிறது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இவற்றைப் பார்த்தால் உடனே 112. அப்போது "ஸைட் வான்?" என்ற கேள்விக்கு, நீங்கள் கவனித்த நேரத்தைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அவர் கடைசியாக இயல்பாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள். காலையில் எழுந்தபோதே பேச்சு குழறியது என்றால், இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்று சொல்ல வேண்டும்: "கெஸ்டர்ன் ஆபென்ட் உம் ட்ஸேன் நோர்மால்." அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாமா என்பதை மருத்துவமனையில் இந்த நேரத்தைக் கொண்டுதான் முதலில் கணக்கிடுவார்கள்.

உயிருக்கு ஆபத்து இல்லாத, ஆனால் காலை வரை தாங்காத விஷயங்களுக்கு 112 வேண்டாம், 116117 இருக்கிறது. ராத்திரியில் காய்ச்சல், காது வலி, மூத்திரக் கடுப்பு மாதிரியானவற்றுக்கு அதுதான். அதுவும் இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். எதை அழைப்பது என்று குழப்பமாக இருந்து, நெஞ்சு, மூச்சு, நினைவு, பேச்சு இந்த நான்கில் ஏதாவது ஒன்று சம்பந்தப்பட்டிருந்தால் யோசிக்காமல் 112. பணத்தைப் பற்றியும் அப்பாவே தடுப்பார், "வேண்டாம்டா, ரொம்ப செலவாகும்" என்று. இங்கே சட்டபூர்வக் காப்பீடு உள்ளவர்களுக்கு ஆம்புலன்ஸுக்குப் பத்து யூரோவுக்கு மேல் கையை விட்டுப் போகாது. ஊரிலிருந்து வந்தவருக்குப் பயணக் காப்பீடுதான் பொறுப்பு. அந்தப் பாலிசி எண்ணையும் அவர்களின் உதவி எண்ணையும் மாத்திரைப் பையிலேயே போட்டு வையுங்கள், ஆனால் அழைப்பது முதலில் 112-ஐத்தான், காப்பீட்டு நிறுவனத்தை அல்ல.

அழைப்பு முடிந்ததும் அந்தப் போனில் ஊருக்குப் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். வாசல் கிடைக்கவில்லை என்றால் கட்டுப்பாட்டு அறை திரும்ப அழைக்கும், சில நேரம் எண் தெரியாமலும் வரும், எடுங்கள். அப்பாவின் நிலை மோசமானால் வண்டி வரட்டும் என்று காத்திருக்காமல் அதே 112-ஐ மறுபடி அழைத்து, ஊர், தெரு, எண் சொல்லிவிட்டு "எஸ் விர்ட் ஷ்லெஷ்டர்" (மோசமாகிக்கொண்டிருக்கிறது) என்று சொல்லுங்கள்.